சுழியடுக்கு அணிகளும் தன்னடுக்கு அணிகளும்

ஒரு சதுர அணியைத் தன்னோடு தானே பெருக்கிக்கொண்டே போனால் ஏதோ ஓர் அடுக்கில் அது பூச்சிய அணியாகிவிடுமானால், அதாவது Nᵏ = 0 ஆகுமானால், அது சுழியடுக்கு அணி. ஒருமுறை பெருக்கியதும் மாறாமல் அப்படியே நிற்குமானால், அதாவது E² = E ஆகுமானால், அது தன்னடுக்கு அணி. கல்லூரி வகுப்புகளில் இவற்றை நில்பொட்டன்ட், ஐடெம்பொட்டன்ட் என்றே சொல்வது வழக்கம்.

இந்த இரு பெயர்களையும் வைத்தவர் ஹார்வர்டு பேராசிரியர் பெஞ்சமின் பியர்ஸ். அமெரிக்கக் கடற்கரை அளவைத் துறையின் தலைவராகவும் இருந்த அவர், ‘நேரியல் சேர்ப்பு இயற்கணிதம்’ என்னும் பொருளில் எழுதிய நூலில் 1870இல் இவற்றைக் கொண்டுவந்தார். அந்நூல் அச்சேறவில்லை, கணிதம் அறியாத, ஆனால் கையெழுத்து அழகாக அமைந்த ஒரு பெண்மணி எழுதிக்கொடுக்க, கல்லச்சில் நூறு பிரதிகள் எடுக்கப்பட்டன. பியர்ஸ் 1880இல் மறைந்தார். மறு ஆண்டு அவர் மகன் சார்லஸ் சாண்டர்ஸ் பியர்ஸ் குறிப்புகள் சேர்த்து ஓர் அமெரிக்கக் கணித இதழில் வெளியிட்ட பிறகே நூல் பலர் கைக்குப் போனது.

தன்னடுக்குச் சமன்பாடு அதற்கு முன்பே வேறொரு துறையில் இருந்தது. ஜார்ஜ் பூல் 1854இல் தருக்கத்தை இயற்கணிதமாக எழுதியபோது x² = x என்பதை அடிப்படை விதியாகக் கொண்டார். எண்களில் இதற்கு 0, 1 என்னும் இரண்டே தீர்வுகள். அணிகளில் தீர்வுகள் எண்ணற்றவை. ஆனாலும் அந்த 0, 1 மறைந்துவிடவில்லை, ஐகன் மதிப்புகளாகத் திரும்பி வருகின்றன. E v = λv என்க. E மறுபடி செயல்பட்டால் இடப்பக்கம் E²v, அதாவது E v, வலப்பக்கம் λ²v. ஆகவே λ² = λ. சுழியடுக்கு அணிக்கு இதைவிடக் கறாரான விதி: Nᵏv = λᵏv என்பது பூச்சியம், v பூச்சியமல்ல, எனவே λ = 0 ஒன்றே வழி.

இவ்வளவும் ஒரு பக்கத்து வாதம். திரும்பிப் போகலாமா என்று கேட்டால்தான் இரு வகைகளும் பிரிகின்றன. எல்லா ஐகன் மதிப்புகளும் 0 என்றால் அந்த அணி சுழியடுக்கேதான். காரணம், அதன் சிறப்பியல்புக் கோவை λⁿ; அணி தன் சிறப்பியல்புச் சமன்பாட்டை நிறைவு செய்யும் என்பதால் Nⁿ = 0. ஆர்தர் கெய்லி இந்தத் தேற்றத்தை 1858இல் சொன்னார். சிறிய அணிகளுக்குச் சரிபார்த்ததோடு நிறுத்திக்கொண்டார். பொதுவான நிறுவல் ஃப்ரோபீனியஸிடமிருந்து 1878இல்தான் வந்தது. ஆக, 3×3 அணியை மும்மடி வரை பெருக்கினால் போதும். அதற்குள் பூச்சியமாகாதது எப்போதுமே ஆகாது.

தன்னடுக்கில் இந்தத் திருப்பம் செல்லாது. [1 1; 0 1] என்னும் அணியின் ஐகன் மதிப்புகள் 1, 1. அதன் வர்க்கமோ [1 2; 0 1]. ஐகன் மதிப்புகள் 0, 1 மட்டுமே என்பதோடு, அணியை மூலைவிட்ட அணியாக மாற்ற முடிய வேண்டும் என்பதும் தேவை. மாணவர்கள் அதிகம் சறுக்குவது இங்கேதான்.

சுழியடுக்கு அணியை அடையாளம் காண ஒரு கணக்கைப் பார்ப்போம்:

```
     -1   1   0
N =   0   0   1
      1  -1   1
```

பார்வைக்கு இதில் பூச்சியமாகும் அறிகுறி எதுவும் இல்லை. மூலைவிட்ட உறுப்புகளின் கூட்டுத்தொகையான சுவடு −1 + 0 + 1 = 0; ஐகன் மதிப்புகளின் கூட்டுத்தொகையும் அதுவே என்பதால் சந்தேகம் எழலாம். பெருக்கினால்:

```
      1  -1   1
N² =  1  -1   1
      0   0   0
```

இன்னொருமுறை N ஆல் பெருக்க, எல்லா உறுப்புகளும் பூச்சியம். சுவடு மட்டும் பார்த்து முடிவு கட்டியிருந்தால் ஏமாற வாய்ப்புண்டு: மூலைவிட்டத்தில் 1, −1, 0 கொண்ட அணிக்கும் சுவடு 0, அணிக்கோவை 0, ஆனால் அது சுழியடுக்கல்ல. அதன் வர்க்கத்தின் சுவடு 2 என்பது அதைக் காட்டிக்கொடுக்கிறது. மெய்யெண் அல்லது கலப்பெண் அணிகளில் முதல் n அடுக்குகளின் சுவடுகள் அனைத்தும் 0 ஆனால்தான் சுழியடுக்கு. 2×2 அணிக்கு மட்டும் சுவடும் அணிக்கோவையும் 0 என்பதே போதும், [2 −1; 4 −2] அப்படிப்பட்டது. மெய்யெண்களுக்குள் மட்டும் ஐகன் மதிப்பைத் தேடுவதும் ஆபத்து. தளத்தை 90 பாகை சுழற்றி, மூன்றாம் அச்சைப் பூச்சியமாக்கும் அணிக்கு மெய்யான ஐகன் மதிப்பு 0 ஒன்றே. மற்ற இரண்டு கற்பனை எண்கள்.

தன்னடுக்குக்கு [4 −2; 6 −3] நல்ல சான்று. சுவடு 1, அணிக்கோவை 0. எனவே ஐகன் மதிப்புகள் 1, 0. இங்கே சுவடு எத்தனை 1கள் என்று எண்ணிச் சொல்கிறது. எனவே மெய்யெண் தன்னடுக்கு அணிகளில் சுவடும் தரமும் சமம். சுவடு முழு எண்ணாக இல்லையென்றால் பெருக்கிப் பார்க்கவே வேண்டாம்.

பியர்ஸ் இவ்விரண்டையும் ஒரே நூலில் சேர்த்துப் பேசியதற்குக் காரணம் அவருடைய அடிப்படைத் தேற்றம். முடிவுறு பரிமாண இயற்கணிதத்தில் ஓர் உறுப்பின் அடுக்குகள் எல்லாம் ஒன்றையொன்று சாராமல் இருக்க இடமில்லை. எனவே அது ஒரு கட்டத்தில் பூச்சியமாகும். இல்லையேல் அதன் அடுக்குகளைக் கொண்டே ஒரு தன்னடுக்கு உறுப்பைக் கட்டிவிடலாம். [0 1 0; 0 0 0; 0 0 2] என்னும் A அணியை எடுத்தால் A³ = 2A². இதிலிருந்து A⁴ = 4A²; ஆகவே A²/4 தன்னடுக்கு. அதை E என்போம். A − AE என்று கழித்தால் மிஞ்சுவது [0 1 0; 0 0 0; 0 0 0], வர்க்கம் பூச்சியம். ஒரே அணிக்குள் இரு வகையும் ஒளிந்திருந்தன. பியர்ஸ் பேசியது அணிகளைப் பற்றியல்ல, அருவமான இயற்கணிதங்களைப் பற்றி. அவற்றை அணிகளாகவும் எழுதலாம் என்று காட்டியவர் மகன். நூல் வந்த அதே 1870இல் பிரான்சில் கமீய் ஜோர்தான் தம் நியம வடிவத்தை வெளியிட்டார். ஓர் அணியை மூலைவிட்டப் பகுதியும் சுழியடுக்குப் பகுதியுமாக இன்று பிரிப்பது அவ்வழியில்தான்.

இருபதாம் நூற்றாண்டில் தன்னடுக்கு அணிகளுக்கே அதிக வேலை கிடைத்தது. வில்லியம் காக்ரன் 1934இல் புள்ளியியலில் நிறுவிய தேற்றம் இவற்றின் தரங்களைக் கூட்டிப் பார்ப்பதில் நிற்கிறது. வான் நாய்மன் 1932இல் குவாண்டம் இயக்கவியலை எழுதியபோது, ஆம் அல்லது இல்லை என்று மட்டுமே விடை வரும் அளவீட்டுக்குத் தன்னடுக்குச் செயலியை வைத்தார். 1 ஆம், 0 இல்லை.

கணிப்பொறியில் சுழியடுக்கு அணியைக் கண்டறிவது தனித் தொல்லை. மூலைவிட்டத்துக்கு அடுத்த மேல் மூலைவிட்டத்தில் 1களும் மற்ற இடங்களில் 0களும் கொண்ட 10×10 அணியில், கீழ் இடது மூலையில் 10⁻¹⁰ அளவு பிழை புகுந்தால் சிறப்பியல்புச் சமன்பாடு λ¹⁰ = 10⁻¹⁰ ஆகிவிடும். பத்து ஐகன் மதிப்புகளின் அளவும் 0.1. நூறு கோடி மடங்கு பெருகிய பிழை அது. அதே அணியைப் பத்தாம் அடுக்குக்கு உயர்த்தினாலோ 10⁻¹⁰ மடங்கு அலகு அணிதான் வருகிறது, பூச்சியத்துக்கு மிக அருகில். சமச்சீரான தன்னடுக்கு அணியில் இந்தத் தொல்லை இல்லை. பிழை எவ்வளவோ, ஐகன் மதிப்புகளும் 0 அல்லது 1இலிருந்து அந்த அளவுக்கு மேல் விலகுவதில்லை.