செய்திமடலில் விளம்பரம்: கட்டணத்தை நிர்ணயிப்பது எப்படி?

ஆலய நிர்வாகமும் தாமான் குடியிருப்பாளர் சங்கமும் வெளியிடும் செய்திமடல்களில் உள்ளூர்க் கடைகளின் விளம்பரங்கள் இடம்பெறுவது வழக்கம். ஒரு பக்கத்தில் பூக்கடைக்காரர் 50 ரிங்கிட் கொடுத்திருப்பார். அதே அளவு இடத்துக்குப் பக்கத்து உணவகம் 30 ரிங்கிட் கொடுத்திருக்கும். இது வெளியே தெரியவரும்போது மனக்கசப்பு வருகிறது. எத்தனை பேர் கைக்குப் போகிறது, எத்தனை காலம் இடம்பெறுகிறது என்ற இரண்டையும் வைத்து விலை சொன்னால் இந்தப் பேச்சுக்கு இடமிருக்காது.

அச்சிட்டது வேறு, போய்ச் சேர்ந்தது வேறு

மாதம் 600 பிரதி அச்சிடும் 8 பக்கச் செய்திமடல் ஒன்றை எடுத்துக்கொள்வோம். அடுத்த இதழ் வந்த நாளன்று ஆலய மண்டபத்திலும் கடைகளிலும் மீந்து கிடக்கும் பழைய பிரதிகளை எண்ண வேண்டும். மூன்று மாதம் எண்ணியதில் சராசரியாக 100 மீந்தால், போய்ச் சேர்ந்தது 500தான். விலை இந்த 500க்குத்தான். ஒரு பிரதியை வீட்டில் நான்கு பேர் படிப்பார்கள் என்று 2,000 வாசகர் கணக்குச் சொல்லக்கூடாது. மேசைக்கடியில் கட்டுக் கட்டாகக் கிடப்பதை விளம்பரம் கொடுத்தவர் ஒரு நாள் பார்த்தால், அடுத்த ஆண்டு அவர் வரமாட்டார்.

குறைந்த விலையிலிருந்து தொடங்குங்கள்

ஒரு பிரதிக்கு 80 சென் என்றால் மாத அச்சுச் செலவு 480 ரிங்கிட். இரண்டு பக்கங்களை விளம்பரத்துக்கு ஒதுக்கி, பக்கத்துக்கு 8 கட்டம் வீதம் பிரித்தால் 16 கட்டம் கிடைக்கும். எல்லாமே நிரம்பாது. 12 கட்டம் நிரம்பும் என்று வைத்தால், கட்டத்துக்கு 40 ரிங்கிட் வந்தால்தான் அச்சுச் செலவு கட்டும்.

பலர் தவறுவது இங்கேதான். 40 ரிங்கிட்டையே பொது விலையாக அறிவித்துவிட்டு, ஓராண்டுக்குச் சேர்த்துக் கொடுப்பவருக்கு 20 விழுக்காடு கழிவும் தருகிறார்கள். 12 கடைக்காரர்களும் ஆண்டுத் திட்டத்தில் சேர்ந்தால் ஒரு கட்டத்துக்குக் கிடைப்பது 32 ரிங்கிட்தான். மாத வரவு 384 ரிங்கிட்டாகி, 96 ரிங்கிட் குறையும். ஆண்டு முழுவதும் அதை மாற்றவும் முடியாது.

ஆகவே 40 ரிங்கிட்டை ஆண்டுச் சந்தாவின் விலையாக வைத்து, அதிலிருந்து மேலே ஏற வேண்டும். ஒரே ஒரு மாதத்துக்கு 50 ரிங்கிட், மூன்று மாதத்துக்குச் சேர்த்துக் கொடுத்தால் மாதம் 45, ஓராண்டுக்கு மாதம் 40. இப்படி வைத்தால் யார் எந்தத் திட்டத்தை எடுத்தாலும் 12 கட்டம் நிரம்பினால் கைநட்டம் இல்லை.

தீபாவளி இதழ்

ஒரு மாத விலை 50 ரிங்கிட்டை 500 பிரதிக்கு வகுத்தால், பிரதிக்கு 10 சென் வருகிறது. தீபாவளிக்கு 1,000 அச்சிட்டு 900 போய்ச் சேரும் என்றால், அந்த இதழில் ஒரு கட்டத்தின் விலை 90 ரிங்கிட். பண்டிகை என்பதால் விலையை ஏற்றிவிட்டார்கள் என்று யாரும் சொல்ல முடியாது, அளவுகோல் அதேதான். ஆண்டுச் சந்தாதாரருக்கும் இதே கழிவு கொடுத்தால் 72 ரிங்கிட். அந்த இதழின் கட்டணம் தனி என்பதைப் பணம் வாங்கும் முன்பே சொல்லிவிட வேண்டும்.

அறிவிப்புப் பலகைக்குக் கணக்கு வேறு

மண்டபத்து அறிவிப்புப் பலகையைப் பார்ப்பவர்கள் பெரும்பாலும் வாராவாரம் வரும் அதே ஆட்கள். முதல் வாரத்திலேயே பலர் பார்த்துவிடுவதால், இரண்டாம் வாரத்துக்கு முழு விலை கேட்பது நியாயமில்லை. முதல் வாரம் 15 ரிங்கிட் என்றால், அடுத்து வரும் ஒவ்வொரு வாரத்துக்கும் 8 ரிங்கிட் போதும். நிகழ்ச்சி முடிந்த மறுநாளே அறிவிப்பை எடுத்துவிட வேண்டும். பழைய தாள்கள் தொங்கும் பலகையை யாரும் நின்று படிப்பதில்லை. மண்டபத்துக்கு வெளியே சாலையோரத்தில் பதாகை கட்டுவதென்றால் ஊராட்சி மன்றத்தின் அனுமதி வேண்டும். அதற்கான கட்டணத்தை இடவிலையோடு கலக்காமல் தனியாகக் காட்டுவது நல்லது.

ரசீதில் என்ன இருக்க வேண்டும்?

கட்டத்தின் அளவு, எந்தப் பக்கம், எந்த மாதம் முதல் எந்த மாதம் வரை, குறைந்தது எத்தனை பிரதி போய்ச் சேரும் என்ற நான்கையும் ரசீதில் எழுத வேண்டும். ஒரு மாதம் இதழ் வராமல் போனால் சந்தா ஒரு மாதம் நீளும் என்ற வரியும் அதிலேயே இருக்கட்டும். நிர்வாகம் மாறி, புதிய பொருளாளர் வரும்போது வாய்வார்த்தை நிற்காது, ரசீதுதான் நிற்கும்.