காப்புரிமைக் கோரல்கள்

காப்புரிமைக் கோரல் என்பது ஒரு காப்புரிமை தரும் உரிமையின் எல்லையை வரையறுக்கும், எண்ணிடப்பட்ட வாக்கியம் ஆகும். வேறு கோரலைச் சுட்டாமல் தனித்து நிற்பது சார்பற்ற கோரல் எனப்படும். "கோரல் 1 இல் கூறப்பட்ட முறையில்" என்பது போல முந்தைய கோரலைச் சுட்டுவது சார்புக் கோரல் ஆகும். இது சுட்டப்பட்ட கோரலின் கூறுகள் அனைத்தையும் ஏற்று, மேலும் ஒரு வரையறையைச் சேர்ப்பதால் அதைவிடக் குறுகியது.

== எடுத்துக்காட்டு ==

அமேசான் நிறுவனம் 1999 இல் பெற்ற "ஒரு சொடுக்கு" அமெரிக்கக் காப்புரிமையில் (எண் 5,960,411) 26 கோரல்கள் இருந்தன. அவற்றுள் 1, 6, 9, 11 ஆகியவை சார்பற்றவை. கோரல் 1 இன் சுருக்கம் வருமாறு:

# பொருளைப் பற்றிய தகவலைக் காட்டுதல்
# ஒரே செயலின் விளைவாக, வாங்குபவரின் அடையாளத்துடன் வேண்டுகோளை வழங்கிக்கு அனுப்புதல்
# வழங்கி வேண்டுகோளைப் பெற்று, முன்பே சேமித்த விவரங்களை எடுத்து ஆணையை உருவாக்குதல்
# ஆணையை நிறைவேற்றுதல். வணிகக்கூடை முறை பயன்படாது

அச்செயல் பொத்தானைச் சொடுக்குதல் என்கிறது கோரல் 3. ஒலியை எழுப்புதல் என்கிறது கோரல் 4. இரண்டும் கோரல் 1 ஐச் சார்ந்தவை.

== பயன்பாடு ==

ஒரு மென்பொருள் இரண்டாவது சொடுக்கில் உறுதிப்படுத்தலைக் கேட்டால், "ஒரே செயல்" என்ற கூறு அதில் இராது. எனவே அது கோரல் 1 இன் சொற்பொருளுக்குள் வராது. கோரல் 3, 4 ஆகியவற்றுக்குள்ளும் வராது. ஆயினும் 6, 9, 11 ஆகியவற்றைத் தனித்தனியே ஒப்பிட வேண்டும். மறுதலையாக, முந்தைய நுட்பம் ஒன்றால் கோரல் 1 செல்லாததாகிவிட்டாலும், கூடுதல் வரையறை கொண்ட சார்புக் கோரல் செல்லுபடியாகக்கூடும். எனவே சார்பற்ற கோரல்களை மட்டும் சுருக்குவது போதுமானதன்று.

இக்காப்புரிமை 2017 இல் காலாவதியானது.