தொலைத்தொடுகோடு

ஒரு வளைவரை முடிவில்லாமல் நீண்டுகொண்டே போகும்போது, அதற்கும் ஒரு நேர்கோட்டுக்கும் இடையிலுள்ள தூரம் நாம் குறிப்பிடும் எந்தச் சிறிய அளவைவிடவும் குறைந்து, அதன்பின் குறைவாகவே இருந்துவிட்டால், அந்த நேர்கோடு அந்த வளைவரையின் தொலைத்தொடுகோடு. இலங்கையில் இதை அணுகுகோடு என்பார்கள். தமிழ்நாட்டு மேல்நிலை வகுப்புகளில் இது பெரும்பாலும் அதிபரவளையத்தோடு சேர்ந்தே அறிமுகமாகிறது. ‘நெருங்கும், ஆனால் தொடாது’ என்ற ஒரு வரியாகத்தான் மாணவர் மனத்தில் அது தங்குகிறது. அந்த வரியின் முதற்பாதி சரி. இரண்டாம் பாதி எப்போதும் சரியல்ல.

எளிய எடுத்துக்காட்டு y = 1/x என்ற அதிபரவளையம். இதில் x, y இரண்டையும் பெருக்கினால் எப்போதும் 1 வரும். x இரண்டானால் y அரை; x பத்தானால் y பத்தில் ஒன்று. ஓர் அலகுக்கு ஒரு சென்டிமீட்டர் என்று வரைபடத்தாளில் குறித்தால், பத்தாவது சென்டிமீட்டரில் வளைவரை x-அச்சுக்கு ஒரு மில்லிமீட்டர் மேலே இருக்கும். இருபதாவதில் அரை மில்லிமீட்டர்தான். பென்சில் கோட்டின் தடிமனே ஏறக்குறைய அவ்வளவு இருப்பதால், தாளின் ஓரத்தை எட்டுவதற்குள் இரண்டு கோடுகளும் ஒட்டிக்கொண்டதுபோல் தெரியும். கண்ணால் பார்த்து இதற்குத் தீர்ப்புச் சொல்ல முடியாது. சமன்பாட்டைத்தான் கேட்க வேண்டும். பெருக்குத்தொகை 1 ஆக இருக்க வேண்டுமென்றால் y ஒருபோதும் பூச்சியமாக முடியாது, ஏனெனில் பூச்சியத்தை எதனால் பெருக்கினாலும் 1 வராது. தொடாமைக்குக் காரணம் இவ்வளவுதான். அதே பெருக்குத்தொகைதான் நெருங்குவதற்கும் காரணம்: ஒன்று வளர்ந்தால் மற்றது தேய்ந்தே ஆக வேண்டும்.

அதிபரவளையத்தையும் அதன் இரு கோடுகளையும் முழு வடிவில் ஆராய்ந்த பழைய நூல் கிரேக்கரான பெர்காவின் அப்பொல்லோனியஸ் எழுதிய ‘கூம்பு வெட்டுகள்’. எட்டுப் பகுதிகள் கொண்ட அந்நூலில் முதல் நான்கு கிரேக்கத்திலும், அடுத்த மூன்று அரபு மொழிபெயர்ப்பிலும் கிடைத்துள்ளன, எட்டாவது தொலைந்துவிட்டது. இரண்டாம் பகுதி தொலைத்தொடுகோடுகளோடுதான் தொடங்குகிறது. வளைவரையின் ஒரு புள்ளியிலிருந்து இரு தொலைத்தொடுகோடுகளுக்கும் குறிப்பிட்ட திசைகளில் கோடுகள் வரைந்து அவற்றின் நீளங்களைப் பெருக்கினால், எந்தப் புள்ளியை எடுத்தாலும் விடை மாறாது என்று அவர் நிறுவுகிறார். சற்றுப் பின்னே, நீட்டிக்கொண்டே போனால் வளைவரையும் கோடும் கொடுக்கப்பட்ட எந்தத் தூரத்தைவிடவும் நெருங்கிவிடும் என்பதும் வருகிறது. இன்றைய எல்லை மதிப்பின் மொழி பிறக்க இன்னும் ஈராயிரம் ஆண்டுகள் இருந்தன. ஆனால் சொல்ல வேண்டியதை அப்போதே பிழையின்றிச் சொல்லியாயிற்று.

இந்த நெருக்கம் மெய்யியலாளர்களையும் தொந்தரவு செய்தது. இரு கோடுகள் நெருங்கிக்கொண்டே இருக்கின்றன, ஆனாலும் சந்திப்பதில்லை என்றால் மனம் ஒப்புவதில்லை. 5-ஆம் நூற்றாண்டில் யூக்ளிடுக்கு உரை எழுதிய புரோக்ளஸ் இதை ஒரு புதிராகவே பேசுகிறார். 12-ஆம் நூற்றாண்டின் யூத மெய்யியலாளர் மைமோனிடிஸ், கற்பனைக்கு எட்டாதது அறிவுக்கு எட்டலாம் என்று வாதிட அப்பொல்லோனியஸின் இரண்டாம் பகுதியைத்தான் சான்றாகக் காட்டினார். மனக்கண்ணில் காண முடியாததை நிரூபித்துவிடலாம் என்பதற்கு இதைவிடக் கச்சிதமான எடுத்துக்காட்டு அவருக்கு அகப்படவில்லை போலும்.

இதே சிக்கலுக்குக் கேரளத்தில் வேறொரு முகம் இருந்தது. திருக்கண்டியூரைச் சேர்ந்த நீலகண்ட சோமயாஜி, 16-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆரியபட்டீயத்துக்கு எழுதிய பாஷ்யத்தில் கால், அதில் கால், அதிலும் கால் என்று கூட்டிக்கொண்டே போனால் மொத்தம் மூன்றில் ஒன்று என்பதை விளக்குகிறார். தொகை கூடிக்கொண்டே போகிறதே, மூன்றில் ஒன்றோடு ஏன் நிற்க வேண்டும் என்ற கேள்வியை அவரே எழுப்புகிறார். விடையை இன்றைய முறையில் இப்படி எழுதலாம். முதல் உறுப்பு 1/4; மூன்றில் ஒன்றுக்கு இன்னும் 1/12 குறைகிறது. அடுத்ததையும் சேர்த்தால் 5/16; குறை 1/48. அதற்கடுத்து 21/64, குறை 1/192. ஒவ்வொரு படியிலும் குறை நாலில் ஒன்றாகச் சுருங்குகிறது, ஆனால் எந்தப் படியிலும் பூச்சியமாவதில்லை. இந்தத் தொகைகளைப் புள்ளிகளாகக் குறித்தால் 1/3 உயரத்தில் உள்ள கிடைக்கோடுதான் அவற்றின் தொலைத்தொடுகோடு. நீலகண்டர் வளைவரை எதுவும் வரையவில்லை. அவர் கவனித்தது எஞ்சியிருக்கும் குறையை. தொலைத்தொடுகோட்டைப் புரிந்துகொள்ள அதுவே நல்ல பழக்கம் என்பது இக்கட்டுரையாளரின் கருத்து: வளைவரையைப் பார்க்காதீர்கள், இடைவெளியைப் பாருங்கள்.

அந்தப் பழக்கத்தோடு ஒரு கணக்கை முழுதாகப் போட்டுப் பார்க்கலாம்.   கணக்கை ரயிலில் வைத்துக்கொள்வோம். ஒரு ரயில் 600 கிலோமீட்டர் ஓட வேண்டும். வழியில் நிலையங்களில் நிற்கும் நேரம் மொத்தம் 2 மணி. ஓடும்போது வேகம் மணிக்கு v கிலோமீட்டர். எடுத்துக்கொள்ளும் நேரம் 600/v + 2 மணி. 600-ஐ அந்த நேரத்தால் வகுத்தால் கிடைக்கும் சராசரி வேகத்தை u என்போம்:

u = 300v / (v + 300)

வேகம் 60 என்றால் சராசரி 50. வேகம் 100 என்றால் 75. 150 என்றால் 100. 300 ஆக்கினாலும் சராசரி 150தான். 900-க்கு ஏற்றினால் 225. ஓட்டத்தை எவ்வளவு விரைவாக்கினாலும் சராசரி 300-ஐத் தாண்டுவதில்லை, எட்டுவதுமில்லை. காரணம் வெளிப்படையானது: ஓடும் நேரம் பூச்சியமே ஆனாலும் நின்ற 2 மணி நேரம் அப்படியே இருக்கிறது, 600-ஐ 2-ஆல் வகுத்தால் 300. ஆகவே u = 300 என்ற கிடைக்கோடு இந்த வளைவரையின் தொலைத்தொடுகோடு.

இப்போது இடைவெளி. 300-இலிருந்து u-வைக் கழித்துச் சுருக்கினால் 90000/(v + 300) வருகிறது. அதாவது,

(v + 300) × (300 − u) = 90000

மறுபடியும் மாறாத பெருக்குத்தொகை! அப்பொல்லோனியஸ் கண்ட அதே அதிபரவளையம் ரயில் அட்டவணைக்குள் ஒளிந்திருக்கிறது. v நூறாக இருக்கும்போது இடைவெளி 225. 400-ஐ 225-ஆல் பெருக்கினால் 90000, சரிதான். இடைவெளி 1-ஐவிடக் குறைய வேண்டுமானால் v 89,700-ஐத் தாண்ட வேண்டும். எந்த அளவைக் கேட்டாலும் அதற்கு ஒரு v சொல்லிவிட முடிகிறது. வரையறை கேட்பதும் இந்தப் பதிலைத்தான்.

வளைவரை தட்டையாகும் இடத்தில் வேகத்தைக் கூட்டுவதால் கிடைக்கும் பலன் குறைவு என்பதும் இதிலிருந்து தெரியும். வேகம் 100 ஆக இருக்கும்போது நிற்கும் நேரத்தில் ஒரு மணியைக் குறைத்தால் பயணம் 8 மணியிலிருந்து 7 மணியாகும். நிறுத்தங்களைத் தொடாமல் அதே பயனைப் பெற வேகத்தை 120-க்கு ஏற்ற வேண்டும். உண்மையான ரயிலில் இந்த வாய்பாடு வெகுதூரம் செல்லாது. ரயில் வேகம் எடுக்கவும் தணியவும் நேரம் தேவை. வேகம் மிகக் கூடினால், அதை எட்டுவதற்குள்ளேயே அடுத்த நிலையம் வந்துவிடும். ஆகவே நிஜ வளைவரை 300-க்கு வெகு கீழேயே தட்டையாகிவிடும்.

அதே சமன்பாட்டில் இன்னொரு தொலைத்தொடுகோடும் உண்டு. v = −300 என்றால் பகுதி பூச்சியமாகிறது; அங்கே ஒரு நிலைக்குத்துக் கோட்டை வளைவரை நெருங்குகிறது. கணிதத்தில் அது உண்மை, ரயிலுக்கு அதில் ஒரு பொருளும் இல்லை.

இனி ‘தொடாது’ என்ற சொல்லுக்கு வருவோம். மேலே கண்ட ரயில் வளைவரை v பூச்சியத்துக்கு மேல் இருக்கும்வரை u = 400 என்ற கோட்டையும் தொடாது, u = 500-ஐயும் தொடாது. அவை தொலைத்தொடுகோடுகள் ஆகிவிடுமா? ஆகாது, இடைவெளி 100-க்குக் கீழும் 200-க்குக் கீழும் குறையவே இல்லையே. ஆக, தொடாமை மட்டும் போதாது. அது தேவையும் இல்லை. y = x/(x² + 1) என்பதை எடுத்துக்கொள்ளுங்கள். x பெரிதாகும்போது இது x-அச்சை நெருங்குகிறது: x பத்தானால் சுமார் 0.099, நூறானால் சுமார் 0.01. ஆனால் x = 0 என்ற இடத்தில் இதே வளைவரை அதே கோட்டை ஊடறுத்துச் செல்கிறது. y = (sin x)/x இன்னும் துணிச்சலானது; கோட்டை மேலும் கீழுமாக எண்ணற்ற முறை வெட்டிக்கொண்டே நெருங்குகிறது. முப்படிச் சமன்பாடுகளின் வளைவரைகளை வகைப்படுத்தி நியூட்டன் 1704-இல் வெளியிட்ட ஆய்வில், தம் தொலைத்தொடுகோட்டையே வெட்டும் வளைவரைகள் இயல்பாக இடம்பெறுகின்றன. பள்ளியில் முதலில் அதிபரவளையத்தைக் காட்டுவதால்தான் அதன் தனிக்குணமான தொடாமை, எல்லாவற்றுக்குமான வரையறைபோல மாணவரிடம் ஒட்டிக்கொள்கிறது.

தேர்வுத்தாள்களில் அடிக்கடி வரும் இன்னொரு தவறு, பகுதி பூச்சியமாகும் இடமெல்லாம் நிலைக்குத்துத் தொலைத்தொடுகோடு என்று எழுதிவிடுவது. y = (x² − 9)/(x − 3) என்பதில் x = 3 ஆனால் பகுதி பூச்சியம்தான். ஆனால் தொகுதியும் அங்கே பூச்சியமாகிறது; சுருக்கினால் x + 3 என்ற நேர்கோடுதான் மிஞ்சுகிறது, x = 3-இல் ஒரே ஒரு புள்ளி மட்டும் இல்லாமல். சோதிக்க ஒரு வழி உண்டு: x-க்கு 2.9, 2.99, 2.999 என்று கொடுத்துப் பாருங்கள். விடைகள் 5.9, 5.99, 5.999 என்று 6-ஐ நோக்கி அமைதியாகப் போகின்றன. அதே மூன்று மதிப்புகளை y = 1/(x − 3) என்பதில் இட்டால் −10, −100, −1000 என்று கட்டுக்கடங்காமல் இறங்கும். x = 3 நிலைக்குத்துத் தொலைத்தொடுகோடாக இருப்பது இரண்டாவதற்கு மட்டுமே.