கிரேட் எக்ஸ்பெக்டேஷன்ஸ்: பிப்பின் மனமாற்றம்

சார்லஸ் டிக்கன்ஸ் 1860–61இல் தொடராக எழுதிய வளர்ச்சி நாவல். 59 அத்தியாயங்களும் மூன்று கட்டங்களாகப் பிரிகின்றன. 19ஆம் அத்தியாயத்தில் கொல்லர் பட்டறைச் சிறுவன் பிப், யாரோ தரும் பணத்தில் கனவானாக லண்டன் புறப்படுகிறான். 27இல், தன்னை வளர்த்த ஜோ பார்க்க வரும்போது கூசிப்போகிறான். ஜோவின் தொப்பி கணப்படுப்பு மாடத்திலிருந்து திரும்பத் திரும்ப விழுவதுகூட அவனுக்கு எரிச்சலூட்டுகிறது. பணம் கொடுத்தவர் தப்பிவந்த கைதி மாக்விட்ச் என்று 39இல் தெரிகிறது. டிக்கன்ஸ் உடனே பிப்பைத் திருத்திவிடுவதில்லை; அருவருப்பே முதலில் வருகிறது. அது தீரப் பதினைந்து அத்தியாயங்கள் ஆகின்றன. 54இல் பிடிபட்டுக் காயமுற்ற மாக்விட்சின் கையைப் பற்றியிருக்கும்போது, தான் ஜோவுக்குச் செய்த துரோகத்தையும் பிப் உணர்கிறான். கதையைச் சொல்பவன் வயது முதிர்ந்த பிப் என்பதால், கூசிய பக்கங்களிலேயே அவனது குற்றவுணர்வும் கேட்கிறது.