ஒரு கிலோ நூலின் பயணம்

குஜராத்தில் ஜின்னிங் முடித்து, இரும்புப் பட்டை கட்டி, லாரியில் வரும் சங்கர்-6 பஞ்சு பேல் ஒன்று சுமார் 170 கிலோ. திண்டுக்கல் பக்கத்து மில் ஒன்றின் குடோனில் அது இறங்கும்போது அதன் செலவு கேண்டி விலைதான். 356 கிலோ கொண்ட ஒரு கேண்டி அறுபதாயிரம் ரூபாய் என்றால், கிலோ ஏறக்குறைய 170. வாங்கினால் செலவு, வாங்காவிட்டால் இல்லை. இப்படி அளவோடு ஏறி இறங்குவது மாறும் செலவு.

பேலைப் பிரித்து புளோ ரூமில் போட்டதும் கதை மாறுகிறது. பஞ்சு உதறப்பட்டு, கார்டிங்கில் வலை போலச் சீவப்பட்டு, கோம்பரில் குட்டை இழைகள் நீங்கி, சிம்ப்ளக்ஸில் லேசாக முறுக்கேறி, ஸ்பின்னிங்குக்குப் போகிறது. அங்கே நிமிடத்துக்கு 18,000 சுற்றுக்கு மேல் சுழலும் கதிர்களில் அது 40-ஆம் நம்பர் நூலாகிறது. ஒரு கதிர் எட்டு மணி நேர ஷிப்டில் நூற்பது ஏறக்குறைய 110 கிராம்தான். 25,000 கதிர் உள்ள மில் மூன்று ஷிப்டும் ஓடினால், நின்ற நேரம் போக மாதத்துக்கு 2,40,000 கிலோ வரும் என்று வைத்துக்கொள்வோம். இனி வரும் மில் கணக்கு முழுவதும் நான் கட்டிய மாதிரி. ஆனால் விகிதங்கள் நூற்பாலைக்காரருக்கு அந்நியமாக இருக்காது.

ஒரு கிலோ நூலுக்கு, கழிவுப்பஞ்சு விற்ற பணம் போக, பஞ்சு 210 ரூபாய். ஓடிய யூனிட்டுக்கான மின்சாரம் 35. பேக்கிங், கமிஷன் 5. ஆக மாறும் செலவு 250. நூல் 310-க்கு விற்றால் கிலோவுக்கு 60 ரூபாய் மிஞ்சுகிறது. இது இன்னும் லாபம் ஆகவில்லை.

ஏனென்றால் மில் ஓடினாலும் ஓடாவிட்டாலும் மாதம் பிறந்தால் வந்து நிற்கும் செலவுகள் இருக்கின்றன. சைடர், டாஃபர் முதல் பிட்டர் வரை கூலி 40 லட்சம், அலுவலகச் சம்பளம் 10 லட்சம், வங்கி வட்டி 30 லட்சம், இயந்திரத் தேய்மானம் 25 லட்சம், பராமரிப்பும் காப்பீடும் 5 லட்சம். கடைசியாக மின்வாரியத்தின் டிமாண்ட் சார்ஜ் 10 லட்சம். மொத்தம் 1 கோடியே 20 லட்சம்.

டிமாண்ட் சார்ஜ் தொகையில் சிறியதுதான், ஆனால் நிலைச்செலவின் குணத்தை இதைவிடத் தெளிவாகக் காட்டுவது வேறில்லை. 2,000 கேவிஏ அனுமதி வாங்கிய மில், அதில் பாதியைத்தான் எடுத்தாலும் 90 சதவீதத்துக்குக் காசு கட்ட வேண்டும். 2022 செப்டம்பரில் தமிழ்நாட்டில் இந்தக் கட்டணம் கேவிஏவுக்கு 350 ரூபாயிலிருந்து 550 ஆனது. நம் மாதிரி மில்லுக்கு மாதம் 3,60,000 ரூபாய் கூடுதல். கிலோவுக்கு 60 ரூபாய் மிஞ்சும் இடத்தில், இந்த ஒரு உயர்வை ஈடுகட்ட மட்டுமே 6,000 கிலோ கூடுதலாக நூற்று விற்றாக வேண்டும்.

1 கோடியே 20 லட்சத்தை 60-ஆல் வகுத்தால் 2,00,000 கிலோ. அதுதான் லாப நட்டமில்லாத சமநிலைப் புள்ளி. மில்லின் முழுத் திறனில் அது 83 சதவீதம். மாதத்தில் முதல் 25 நாள் ஓட்டம் சம்பளக்காரருக்கும் வங்கிக்கும் வாரியத்துக்கும், கடைசி ஐந்து நாள்தான் முதலாளிக்கு. முழுக்க ஓடி முழுக்க விற்றால் அந்த ஐந்து நாளில் 24 லட்சம் சேரும்.

இப்போது விற்பனை பத்து சதவீதம் குறைகிறது. 2,16,000 கிலோவில் மிஞ்சுவது 1 கோடியே 29 லட்சத்து 60 ஆயிரம். நிலைச்செலவு ஒரு ரூபாய்கூடக் குறையவில்லை. லாபம் 9,60,000. பத்து சதவீதச் சரிவு லாபத்தில் அறுபது சதவீதத்தைக் கொண்டுபோய்விட்டது. இந்த ஆறு மடங்கைத்தான் ஆபரேட்டிங் லிவரேஜ் என்கிறார்கள். மிஞ்சுவதை லாபத்தால் வகுத்தால் கிடைக்கும் எண் இது. 144 லட்சத்தை 24 லட்சத்தால் வகுத்துப் பாருங்கள்.

அந்த ஆறு மில்லோடு பிறந்த எண் அல்ல. 2,16,000 கிலோவில் நின்று கணக்கிட்டால் அதுவே பதின்மூன்றரை. சமநிலைப் புள்ளியை நெருங்க நெருங்க லாபம் சுருங்குகிறது, சுருங்கிய லாபத்தின் மேல் சின்ன அசைவும் பெரிய சதவீதமாகத் தெரிகிறது. 'இந்தத் தொழிலின் லிவரேஜ் இவ்வளவு' என்று பொத்தாம் பொதுவாகச் சொல்பவரை நான் நம்புவதில்லை. எந்த மாதத்தில், எந்த விலையில் என்று கேட்க வேண்டும்.

விலை என்றதும் நூற்பாலைக்காரரின் உண்மையான தூக்கமின்மைக்கு வருகிறோம். நூல் விலை கிலோவுக்குப் பத்து ரூபாய் இறங்கினால், அதாவது மூன்று சதவீதம் போனால், மிஞ்சுவது 50 ஆகும். சமநிலைப் புள்ளி 2,40,000 கிலோவுக்கு ஓடிவிடும். ஒரு நாள் விடாமல் ஓட்டி, ஒரு கோன் மிச்சமில்லாமல் விற்றாலும் கையில் நிற்பது சுழியம். மாறாக, முதலில் பார்த்த 60 ரூபாய் இடைவெளி 15 ரூபாய் கூடினால் லாபம் 24 லட்சத்திலிருந்து 60 லட்சத்துக்குத் தாவும். 2022 மே மாதம் பஞ்சு கேண்டி ஒரு லட்சம் ரூபாயைத் தாண்டியது, அந்த ஆண்டு முடிவதற்குள் பெரிதும் இறங்கிவிட்டது. உச்ச விலையில் வாங்கிய பேல்கள் நூலாகி வெளியே வந்தபோது நூல் விலை கீழே இருந்தது. நிலைச்செலவு கனமான மில்களுக்கு அந்த இறக்கம் எப்படி இருந்திருக்கும் என்பதை மேலே உள்ள கணக்கே சொல்லும்.

நட்டம் என்றால் மில்லை நிறுத்தலாமே? இடைவெளி 40 ரூபாய்க்கு வந்தாலும் முழுக்க ஓட்டினால் நட்டம் 24 லட்சம். நிறுத்தினாலோ கூலியில் கொஞ்சம் மிச்சமாகலாம், மற்றபடி 1 கோடியே 20 லட்சத்தின் பெரும்பகுதி அப்படியே கழுத்தில் விழும். அதனால் ஓட்டுகிறார்கள். எல்லோரும் அதே கணக்கைப் போட்டு ஓட்டுவதால் நூல் குவிந்து விலை மேலும் இறங்குகிறது.

குவிந்த நூல் கணக்கையும் மயக்கும். 2,40,000 கிலோ நூற்று 2,00,000 மட்டும் விற்றால் நம் கணக்கில் லாபம் இல்லை. ஆனால் கணக்கு முறைப்படி கூலி, தேய்மானம் போன்ற ஆலைச் செலவுகள், ஏறக்குறைய 80 லட்சம், நூற்ற கிலோக்களின் மேல் பங்கிடப்படும். குடோனில் கிடக்கும் 40,000 கிலோ தன் பங்காகப் பதின்மூன்று லட்சத்தைச் சுமந்துகொண்டு சரக்கு மதிப்பாக உட்கார்ந்திருக்கும். ஏட்டில் அவ்வளவும் லாபமாகத் தெரியும். காலாண்டு லாபத்தோடு சரக்கிருப்பும் ஏறியிருந்தால் சந்தேகப்படுவது நல்லது.

விற்ற கோன் திருப்பூர் போகிறது. அங்கே பின்னலாகி, சாயம் ஏறுகிறது. சாயப்பட்டறைக்காரருக்கும் இதே பாரம் உண்டு. 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் மூட உத்தரவிட்ட பிறகு, ஒரு சொட்டுக் கழிவுநீரும் வெளியே விடாத சுத்திகரிப்பு இல்லாமல் அங்கே சாயம் போட முடியாது. அந்த நிலையத்தின் கடனும் ஆட்களும் ஆர்டரைப் பார்த்துக் குறைவதில்லை.

அதே துணி பவர் டேபிள் போட்ட சின்ன ஜாப் ஒர்க் யூனிட்டுக்கு வரும்போது பாரம் இறங்குகிறது. பனியனுக்கு 30 ரூபாய் வாங்கி, 24 ரூபாயைப் பீஸ் ரேட் கூலிக்கும் நூலுக்கும் கொடுப்பவர் என்று வையுங்கள். வாடகை, மிஷின் தவணை எல்லாம் மாதம் 60,000. இருபதாயிரம் பீஸ் தைத்தால் 60,000 ரூபாய் லாபம். ஆர்டர் பத்து சதவீதம் குறைந்தால் லாபம் இருபது சதவீதம்தான் குறையும். அந்த யூனிட்டின் எண் இரண்டு. ஆர்டர் இல்லாத வாரத்தின் நட்டத்தைப் பெரிதும் சுமப்பவர், பீஸ் ரேட்டில் தைக்கும் டெய்லர்.