ஒரே படவில்லையில் ஓர் ஆய்வு: நான்கு கட்டங்களும் அவற்றின் வரம்புகளும்

ஆய்வுக் கட்டுரை ஒன்றை வினா, முறை, முடிவு, பொருள் என்னும் நான்கு கட்டங்களாக்கி ஒரே படவில்லையில், அதாவது ஒரே ஸ்லைடில், சுருக்கித் தரும் வழக்கம் ஆய்வரங்குகளில் பரவலாக உள்ளது. முடிவு என்பது ஆய்வில் கண்ட அளவையும், பொருள் என்பது அந்த அளவால் நடைமுறையில் மாற வேண்டியதையும் குறிக்கும். இந்நான்கும் தனித்தனிச் செய்திகளாக அமையாமல், ஒவ்வொரு கட்டமும் தனக்கு அடுத்தது எவ்வளவு கூறலாம் என்பதை வரையறுக்கும்போதுதான் சுருக்கம் மூலத்துக்கு உண்மையாக இருக்கும் என்பது இக்கட்டுரையின் வாதம். பிரிட்டனின் மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 1948இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வெளியிட்ட ஸ்ட்ரெப்டோமைசின் ஆய்வைக் கொண்டு இதனைச் சோதிக்கலாம்.

'ஸ்ட்ரெப்டோமைசின் காசநோயைக் குணப்படுத்துமா?' என்று வினாவை எழுதுவது எளிது. ஆனால் அக்கட்டுரை அவ்வாறு வினவவில்லை. இரு நுரையீரல்களிலும் வேகமாகப் பரவிவரும் அண்மைக்கால நோய் கொண்டவர்களும், நுரையீரலைச் சுருங்கவைத்து ஓய்வளிக்கும் அக்காலச் சிகிச்சைக்குப் பொருந்தாதவர்களுமான இளம் வயதினரே அதில் சேர்க்கப்பட்டனர். வினாக் கட்டத்தில் இவ்வரையறை விடுபட்டால், பின்வரும் எண்கள் எல்லாக் காசநோயாளிகளுக்கும் உரியனவாகத் தோன்றிவிடும்.

இடம் போதாதபோது முதலில் வெட்டப்படுவது முறைக் கட்டமே. மருந்தின் அளவு, ஊசி போடப்பட்ட நேரம் முதலியவற்றை விட்டுவிடலாம்; முடிவை நம்பத்தக்கதாக்கும் கூறுகளை விடலாகாது. இவ்வாய்வில் அத்தகையவை மூன்று. 107 நோயாளிகளுள் 55 பேருக்குப் படுக்கை ஓய்வுடன் மருந்தும், 52 பேருக்குப் படுக்கை ஓய்வு மட்டுமே அளிக்கப்பட்டன என்னும் ஒப்பீடு முதலாவது. யார் எக்குழுவில் சேர்வது என்பதை மருத்துவரின் விருப்பத்துக்கு விடாமல், சமவாய்ப்பு எண்களைக் கொண்டு முன்கூட்டியே தீர்மானித்து மூடிய உறைகளில் வைத்தது இரண்டாவது. புள்ளியியலாளர் பிராட்ஃபோர்டு ஹில் வகுத்த இவ்வேற்பாடு, உடல்நிலை தேறக்கூடியவர்களுக்கே மருந்து போய்ச் சேரும் சாய்வைத் தடுத்தது. எக்ஸ்ரே படங்களை, நோயாளி எக்குழுவினர் என்று அறியாதவர்கள் மதிப்பிட்டது மூன்றாவது.

முடிவுக் கட்டத்தில் சதவீதத்தை மட்டும் தருவதே பெரும்பிழைக்கு வழிவகுக்கிறது. ஆறு மாதங்களில் மருந்துக் குழுவில் 55 பேரில் 4 பேரும், ஓய்வுக் குழுவில் 52 பேரில் 14 பேரும் இறந்தனர். இதனை 'இறப்பு 73% குறைந்தது' என்றும் எழுதலாம், கணக்கு சரியே. எனினும் இறப்பு 27 சதவீதத்திலிருந்து 7 சதவீதமாக இறங்கியது என்பதும், அந்த வேறுபாடு பத்தே நோயாளிகளின் வேறுபாடு என்பதும் அவ்வெழுத்தில் மறைந்துவிடுகின்றன. ஆகவே ஒவ்வொரு விகிதமும் எத்தனை பேரில் எத்தனை பேர் என்பதோடும், காலத்தோடும் சேர்த்தே தரப்பட வேண்டும்.

பொருள் கட்டம் இவ்வரம்புகளை மீறும் ஆசை மிக்க இடம். இவ்வாய்விலேயே, பரிசோதிக்கப்பட்ட நோயாளிகளில் பெரும்பாலோரிடம் மருந்துக்கு அடங்காத கிருமிகள், அதாவது மருந்தெதிர்ப்பு, தோன்றியது பதிவாகியுள்ளது. சாதகமான எண்ணை மட்டும் எடுத்துக்கொண்டு இதனை விடுவது, சுருக்கத்தின் பெயரால் மூலத்தைத் திருத்துவதாகும். மேற்கூறியவற்றின்படி அமையும் படவில்லை பின்வருமாறு இருக்கும்:

வினா: இரு நுரையீரல்களிலும் வேகமாகப் பரவும் காசநோயுள்ள இளையோருக்கு, ஓய்வுடன் ஸ்ட்ரெப்டோமைசினும் தருவது ஓய்வு மட்டும் தருவதைவிட நன்மை தருமா?

முறை: 107 பேர், சமவாய்ப்புப் பகிர்வு, மூடிய உறைகள், குழு அறியாதோரின் எக்ஸ்ரே மதிப்பீடு.

முடிவு: ஆறு மாதங்களில் இறப்பு 4/55, எதிர்க்குழுவில் 14/52, எக்ஸ்ரேயில் கணிசமான முன்னேற்றம் 28/55, எதிர்க்குழுவில் 4/52, பலரிடம் மருந்தெதிர்ப்பு.

பொருள்: இரு நுரையீரல்களிலும் வேகமாகப் பரவும் காசநோயுள்ள இளையோருக்கு ஆறு மாத அளவில் மருந்து உயிர் காக்கிறது, மருந்தெதிர்ப்பால் அப்பயன் நிலைக்குமா என்பது தெளிவாகவில்லை.

'ஆறு மாத அளவில்' என்னும் சொற்களின் தேவையைப் பின்வந்த வரலாறு உறுதிசெய்தது. ஐந்தாண்டுக் கண்காணிப்பில் மருந்துக் குழுவில் 32 பேரும் மற்றதில் 35 பேரும் இறந்திருந்தனர். முதலில் கண்ட பெரும் இடைவெளி வெகுவாகச் சுருங்கியிருந்தது. மருந்தெதிர்ப்பைத் தடுக்க ஒன்றுக்கு மேற்பட்ட மருந்துகளைச் சேர்த்துத் தரும் முறையே பின்னர் நிலைபெற்றது. 'ஸ்ட்ரெப்டோமைசின் காசநோயைக் குணப்படுத்துகிறது' என்று 1948இல் எழுதியிருந்தால் அப்படவில்லை பொய்த்திருக்கும்; மேலே தரப்பட்ட வாசகம் பொய்க்கவில்லை.

எனவே, பிற மூன்று கட்டங்களையும் மறைத்துவிட்டுப் பொருள் கட்டத்தை மட்டும் வாசித்துப் பார்ப்பதே சுருக்குவோர் செய்ய வேண்டிய இறுதிச் சோதனை. யாருக்கு, எவ்வளவு காலத்துக்கு என்னும் இரண்டுக்கும் அவ்வொரு வாக்கியமே விடை கூறாவிட்டால், அது திருத்தி எழுதப்பட வேண்டும்.