வாக்களிக்க விடுமுறை: அண்டை மாநிலத்தில் வேலை செய்வோர் கடிதம் எழுதுவது எப்படி?

2024 மக்களவைத் தேர்தலில் தமிழ்நாடு முழுவதும் ஏப்ரல் 19, வெள்ளிக்கிழமை அன்று வாக்குப்பதிவு நடந்தது. பெங்களூருவின் தொகுதிகள் அடுத்த வெள்ளியன்று, ஏப்ரல் 26இல்தான் வாக்களித்தன. தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களின் சேரிகளிலிருந்து பெங்களூருக்குக் கட்டட வேலைக்குச் செல்வோருக்கு இந்த ஒரு வார இடைவெளியே சிக்கலாகிறது. ஊரில் வாக்குப்பதிவு நடக்கும் நாள் வேலையிடத்தில் சாதாரண வேலை நாள். விடுமுறை கேட்டால், “இங்கே இன்று தேர்தல் இல்லையே” என்ற பதில் ஆயத்தமாக இருக்கும். அந்தப் பதில் சட்டப்படி செல்லாது. ஏன் செல்லாது என்பதையும், அதைக் கடிதத்தில் நிறுவும் முறையையும் இங்கே பார்க்கிறோம்.

உரிமையின் அடிப்படை, 1951ஆம் ஆண்டின் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தில் 1996இல் சேர்க்கப்பட்ட 135பி பிரிவு. வணிகம், தொழிற்சாலை அல்லது வேறெந்த நிறுவனத்தில் வேலை செய்பவரானாலும், மக்களவை அல்லது சட்டமன்றத் தேர்தலில் வாக்களிக்கும் தகுதி அவருக்கு இருந்தால், வாக்குப்பதிவு நாளில் விடுமுறை அளிக்கப்பட வேண்டும் என்கிறது இப்பிரிவு. அந்த நாளுக்கான ஊதியத்தைப் பிடிக்கக் கூடாது. வேலை செய்யாத நாளுக்குக் கூலி இல்லை என்ற ஏற்பாட்டில் இருப்பவருக்கும், அன்று வேலை செய்திருந்தால் கிடைத்திருக்கும் கூலியைக் கொடுக்க வேண்டும். எனவே தினக்கூலித் தொழிலாளரும் இதற்குள் வருகிறார். தொகுதிக்கு வெளியே வேலை செய்யும் வாக்காளருக்கும் சம்பளத்துடன் கூடிய இவ்விடுமுறை உண்டு என்பதைத் தேர்தல் ஆணையமே அறிவிப்புகளில் தெளிவுபடுத்தியிருக்கிறது. விடுமுறை வாக்காளருக்கு உரியது. வேலையிடம் எந்தத் தொகுதியில் இருக்கிறது என்பது பொருட்டல்ல.

இங்கே பலர் ஒரு பிழை செய்கிறார்கள். தமிழ்நாடு அரசு வாக்குப்பதிவு நாளைப் பொதுவிடுமுறையாக அறிவித்த ஆணையைக் கடிதத்துடன் இணைத்துக் கொடுத்துவிடுகிறார்கள். அந்த ஆணை தமிழ்நாட்டுக்குள் மட்டுமே செல்லும். பெங்களூரு ஒப்பந்ததாரர் அதை மறுத்தால், அந்த அளவில் அவர் சொல்வது சரியே. அங்கே துணைநிற்பவை இரண்டு: நாடு முழுவதும் செல்லும் மத்தியச் சட்டமான 135பி பிரிவு, அந்தத் தொகுதிக்கான வாக்குப்பதிவு நாளைக் குறிப்பிடும் தேர்தல் ஆணையத்தின் அறிவிக்கை. 2024இல் தேர்தல் அட்டவணை மார்ச் 16 அன்று வெளியானது. தமிழ்நாட்டுக்கான முறையான அறிவிக்கை மார்ச் 20 அன்று வந்தது. ஆகவே கடிதம் கொடுக்க நான்கு வாரம் இருந்தது.

கடிதம் நீளமாக இருக்க வேண்டியதில்லை. நாம் பரிந்துரைக்கும் வடிவம் இது:

“ஐயா, நான் தங்களிடம் கட்டட வேலை செய்து வருகிறேன். தருமபுரி மக்களவைத் தொகுதியின் வாக்காளர் பட்டியலில், பாகம் எண் ___, வரிசை எண் ___இல் என் பெயர் உள்ளது. அத்தொகுதியில் 19.4.2024 அன்று வாக்குப்பதிவு நடைபெறுகிறது. மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 135பி பிரிவின்படி அன்று சம்பளத்துடன் விடுமுறை அளிக்குமாறு கோருகிறேன். தேர்தல் ஆணைய அறிவிக்கையின் நகலும் என் வாக்காளர் அடையாள அட்டையின் நகலும் இணைக்கப்பட்டுள்ளன.”

இதை ஒப்பந்ததாரர் படிக்கும் மொழியில் எழுதுவது நல்லது. இரண்டு படிகள் எடுத்து, ஒன்றில் பெற்றுக்கொண்டதற்கான கையொப்பமும் தேதியும் வாங்க வேண்டும். கையொப்பமிட மறுத்தால், அதே கடிதத்தைப் படம் எடுத்து மேஸ்திரியின் வாட்ஸப் எண்ணுக்கு அனுப்பலாம். அனுப்பிய நாளும் நேரமும் அதில் பதிவாகிவிடும். வாய்மொழியாகக் கேட்டு வாய்மொழியாகவே மறுக்கப்பட்டால், பின்னர் எதையும் மெய்ப்பிப்பது கடினம். சட்டம் தானாகவே தரும் விடுமுறைக்குக் கடிதம் எதற்கு என்றால், இந்தச் சான்றுக்காகத்தான்.

இனி ஒரு வாரக் கணக்கைப் பார்ப்போம். நாள் கூலி 800 ரூபாய், வாரம் ஆறு நாள் வேலை, சனிக்கிழமை மாலை பட்டுவாடா என்று கொள்வோம். தொழிலாளி வியாழன் மாலை வேலை முடித்து ஊருக்குப் புறப்படுகிறார். வெள்ளியன்று வாக்களித்துவிட்டுச் சனி காலை வேலைக்குத் திரும்புகிறார். அவருக்கு வர வேண்டியது 4,800 ரூபாய். கையில் 4,000 ரூபாய் வந்தால், வாக்குப்பதிவு நாள் கூலி பிடிக்கப்பட்டிருக்கிறது. “ஞாயிற்றுக்கிழமை வந்து ஈடுகட்டு” என்று கூலியில்லாமல் வேலை வாங்குவதும் நம் பார்வையில் அதே பிடித்தம்தான். ஆனால் அவர் சனியன்றும் ஊரில் தங்கிவிட்டால், அந்த நாளின் கூலியைக் கேட்க இப்பிரிவு உதவாது. பயண நாள்களுக்கு இதில் இடமில்லை. வாக்குப்பதிவு நாள் ஒன்று மட்டுமே. வாக்களித்ததற்கான சான்றைக் கொண்டுவரச் சொல்லவும் சட்டத்தில் இடமில்லை. வாக்களிக்கும் தகுதி இருந்தாலே போதும்.

வேறு இரண்டு வரம்புகளும் உண்டு. ஒருவர் வேலைக்கு வராததால் அபாயமோ பெரும் இழப்போ நேரக்கூடும் என்றால் அவருக்கு இப்பிரிவு பொருந்தாது. ஆனால் விதிவிலக்கு அந்தத் தனி நபரின் வேலையைப் பற்றியது. “கான்கிரீட் போடும் நாள்” என்று சொல்லி எல்லோரையும் நிறுத்திவைக்க அதைப் பயன்படுத்த முடியாது என்றே நாம் வாசிக்கிறோம். அடுத்து, இப்பிரிவு மக்களவை, சட்டமன்றத் தேர்தல்களை மட்டுமே குறிப்பிடுகிறது. ஊராட்சித் தேர்தலுக்கு இதைக் காட்டிக் கடிதம் எழுதினால் நிற்காது.

மறுக்கப்பட்டால் என்ன செய்வது? வாக்குப்பதிவுக்கு முன்பென்றால் வேலையிடத்து மாவட்டத் தேர்தல் அலுவலரிடமும் தொழிலாளர் துறையிடமும் கடித நகலுடன் புகார் அளிக்கலாம். மீறிய முதலாளிக்கான தண்டனையோ 500 ரூபாய் வரையிலான அபராதம் மட்டுமே. அபராதம் மட்டும் உள்ள குற்றம் என்பதால் காவல்துறை நேரடியாக வழக்குப் பதிய முடியாது. வேலையிடத்தின் எல்லைக்குட்பட்ட குற்றவியல் நடுவரிடம் தனிப் புகார் கொடுக்க வேண்டும். அதற்கான காலவரம்பு ஆறு மாதம். தேர்தல் சூடு தணிந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டால் அந்த வழியும் அடைபட்டுவிடும்.

நம் மக்களைப் பொறுத்தவரை இன்னொரு வேறுபாட்டை அறிந்திருப்பது முக்கியம். வெறும் விடுமுறை மறுப்பு 500 ரூபாய்க் குற்றம். “போனால் வேலை கிடையாது, முன்பணத்தை வைத்துவிட்டுப் போ” என்று மிரட்டி, பட்டியல் சாதியைச் சாராத ஒருவர் பட்டியல் சாதித் தொழிலாளரை வாக்களிக்கவிடாமல் செய்தால், அது வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 3(1)(எல்) பிரிவுக்குள் வரும். அதற்கான தண்டனை ஆறு மாதம் முதல் ஐந்து ஆண்டு வரை சிறையும் அபராதமும். அங்கே காவல்துறை வழக்குப் பதிந்தாக வேண்டும். ஒரு நிகழ்வு எந்தப் பக்கம் விழும் என்பதை மிரட்டலுக்கான சான்றே தீர்மானிக்கும். கடிதத்துக்கு வந்த வாட்ஸப் பதிலை அழிக்காமல் வைத்திருப்பதும், மறுப்பைக் கேட்ட உடன்வேலையாளின் பெயரையும், சொன்ன சொற்களையும், நேரத்தையும் அன்றே எழுதிவைப்பதும் அதற்காகத்தான்.